எங்க சங்கத்துக்கு என்ன பேர் வைக்கலாம்? பேங்க்லயும் மதிக்கணும், எங்க பொம்பளைகளும் "இது என்னோடது"னு சொல்லணும்

லயத்துக்காரி
எல்லாருக்கும் வணக்கம். நான் மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்துல, கீழ் டிவிசன். 22 பேர் இருக்கோம். 3 வருஷமா கிழமைக்கு 200 ரூபா போட்டு, அவசரத்துக்கு ஒருத்தருக்கொருத்தர் கொடுத்து வாங்குறோம். சீட்டும் பிடிக்கிறோம். லீக்ஸ், கோவா விக்கிறதுல கொஞ்சம் பொதுக்காசும் சேர்ந்திருக்கு.

இப்ப இருக்கிற பேர் ஒரு திட்டக்காரங்க வந்தப்ப அவங்களே வச்சது. திட்டத்தோட பேரும் நம்பரும் சேர்ந்தே வரும். திட்டம் முடிஞ்சு அவங்க போயிட்டாங்க, பேர் மட்டும் இங்க நிக்குது. போன மாசம் ஒரு பேங்க்ல கணக்கு தொறக்கப் போனோம். கவுண்டர்ல இருந்தவர் பேரைப் படிச்சிட்டு, "அந்தத் திட்டத்து ஆள் யாராவது வந்திருக்காங்களா"னு கேட்டார். 22 பேர் காசு, அதுல அவங்க காசு ஒரு சதம் இல்ல. எனக்கு மூஞ்சி செத்துப்போச்சு. அதைவிடப் பெருசு, எங்க ஆளுங்களே இன்னமும் "அவங்க சங்கம்"னுதான் சொல்றாங்க.

கூட்டுறவா பதியலாம்னு முடிவு. அதுக்கு முன்ன பேரை மாத்தணும். பிள்ளை மடுவத்துல கூடிப் பேசினதுல வந்த பேருங்க: விடியல், மாரியம்மன், கொழுந்து, ஏழாம் மலை, மடுவம். எது நல்லதுனு சொல்லுங்க.

பண்டாரவளை வாத்தியார்
தங்கச்சி, நல்ல முயற்சி. வங்கி மதிக்க வேண்டுமானால் பேரில் கனம் வேண்டும். வங்கிக்காரர் படிக்கப்போவது ஆங்கிலத்தில்தான். ஆகவே முழுப்பேரும் ஆங்கிலத்தில் வையுங்கள். "ஹில் கன்ட்ரி விமன்ஸ் டிவலப்மன்ட் ஃபினான்ஸ்" என்று போட்டால் வாசலிலேயே நாற்காலி போடுவார்கள். விடியல் என்று நாட்டில் நூறு சங்கம் இருக்கும்.

கடை முதலாளி
பேர் பதியிறது ஒரு வேலையே இல்ல. நான் பொகவந்தலாவயில ஹார்ட்வெயார் போட்டப்ப பிரதேச செயலகத்துல ஃபோம் நிரப்பி, கிராம சேவகர்கிட்ட கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். வியாபாரப் பெயர்ப் பதிவு வந்திடுச்சு. உங்க தலைவி பேர்ல எடுத்துக்கங்க.

பழைய கூட்டுறவு
கடை முதலாளி சொல்வது கடைக்குச் சரி. சங்கத்துக்கு ஆகாது. தலைவி பேரில் வியாபாரப் பதிவு எடுத்தால் சட்டத்தின் கண்ணில் அது தலைவியின் வியாபாரம். மற்ற 21 பேரும் அவருக்குக் காசு கொடுத்தவர்கள், அவ்வளவுதான். அவர் காலமானால் காசு அவர் பிள்ளைகளிடம் போய் நிற்கும்.

வாத்தியார் ஐயா சொன்ன பேரில் ஒரு சொல் ஆபத்து. "ஃபினான்ஸ்" என்பதை 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டம் காவல் காக்கிறது. "வங்கி" என்ற சொல்லை 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கிச் சட்டம் காக்கிறது. அனுமதி இல்லாமல் யாரும் பேரில் வைக்க முடியாது. கனம் கூட்டப் போய், கூட்டுறவு ஆணையாளர் அலுவலகத்திலேயே மனு திரும்பிவிடும்.

நான் 30 வருடம் கூட்டுறவுத் திணைக்களத்தில் இருந்தவன். ஒன்று சொல்கிறேன், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சங்கத்தின் பேருக்குத் தலை உண்டு, வால் உண்டு. தலை உங்களுடையது. வால் பதிகிற இடத்துடையது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமாகப் பதிந்தால் வால் அதுவே, தலையிலும் பொதுவாகக் கிராம சேவகர் பிரிவின் பேர்தான் வந்து உட்காரும். உங்கள் பிரிவில் மூன்று தோட்டமும் ஒரு சிங்களக் கிராமமும் சேர்ந்திருக்கலாம், அந்தப் பேரை உங்கள் பெண்கள் வாயாலேயே சொல்வதில்லை. 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் பதிந்தால் வால் "சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம்" என்பது போல வரும், கடைசியில் "லிமிடெட்" என்றும் வரும். வங்கியில் மரியாதை வாங்கித் தருவது அந்த வால்தான். தலையில் கனம் ஏற்ற வேண்டியதில்லை. தலையில் உங்கள் பெண்களை ஏற்றுங்கள்.

லயத்துக்காரி
ஐயா, தலை வால் விஷயம் நல்லா வெளங்கிச்சு. ஆனா வால்ல "கடன்"னு வருதே? எங்க லயத்துல நுண்கடன்காரங்க கிழமைக்கு கிழமை வந்து வாசல்ல நின்னதை யாரும் மறக்கல. அந்தச் சொல்லைக் கேட்டாலே ரெண்டு மூணு பேர் வெலகிடுவாங்க.

பழைய கூட்டுறவு
நியாயமான பயம். ஆனால் வால் என்பது சங்கத்தின் நோக்கத்திலிருந்து வருவது. நீங்கள் உள்ளுக்குள் கொடுத்து வாங்கினால் அந்தச் சொல் நோக்கத்தில் இருக்கத்தான் செய்யும். மரக்கறி விற்பனைதான் முதல் என்றால் வேறு வகையில் பதியலாமா என்று உதவி ஆணையாளர் அலுவலகத்தில் உபவிதி மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். கூட்டுறவு மாகாணத்துக்குப் பகிர்ந்த விடயம். நுவரெலியா மத்திய மாகாணம், பண்டாரவளை ஊவா. ஓர் இடத்து மாதிரி மற்ற இடத்தில் அப்படியே இராது.

கவுண்டர் மூனு
நான் ஒரு வங்கியில வேலை. எந்த வங்கினு வேணாம். அக்கா, முதல்ல அந்த கவுண்டர்காரர் கேட்டதைத் தப்பா எடுத்துக்காதீங்க. பேர்ல வேற ஒரு திட்டம் இருந்தா, இந்தக் காசுக்கு யார் பொறுப்புனு கேக்கத்தான் வேணும்.

நாங்க பேர்ல பாக்குறது அழகு இல்ல. பதிவுச் சான்றிதழ், யாப்பு, கணக்கு தொறக்கணும்னு கூட்டத்துல எடுத்த தீர்மானத்தோட பிரதி, ரப்பர் சீல் இந்த நாலுலயும் பேர் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கானு பாப்போம். வாத்தியார் சார் சொன்ன நீட்டுப் பேரெல்லாம் பாஸ்புக்ல பாதியில வெட்டுப்பட்டு வரும்.

மலையகத்துல இதுல ஒரு தனிக் கஷ்டம் இருக்கு. உங்க பேர் தமிழ்ல பிறக்கும், சிங்களத்துல ஃபைலுக்குப் போகும், இங்கிலீஷ்ல கம்பியூட்டருக்கு வரும். மூணு எடத்துலயும் மூணு பேர் காதால கேட்டு எழுதுவாங்க. நம்ம ஆளுங்களோட ஐடென்டிட்டி கார்ட்ல அப்பா பேர் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழ்ல ஒரு மாதிரி இருக்கிற கதை உங்களுக்குத் தெரியும். அதே கதைதான் சங்கத்துக்கும். "கொழுந்து"னு வைக்கப் போறீங்களா? நான் Kozhundhu னு அடிப்பேன். பக்கத்து கவுண்டர்ல Kolunthu னு அடிப்பாங்க. சிங்களத்துல ழ இல்ல, அங்க ல இல்லாட்டி ள. கேட்டு எழுதுறவர் கையில அது Kolundu ஆகிடும்.

அப்புத்தளை தையல்
இதை நான் அனுபவிச்சிருக்கேன்! எங்க குழுவுக்கு எழில்னு பேர் வச்சோம், எவ்வளவு அழகான பேர். பாஸ்புக்ல Elil. சீல் அடிக்கிறவன் Ezhil னு வெட்டிட்டான். ஒரு பாடசாலைக்கு யூனிஃபோம் தச்சுக் கொடுத்தோம், 38,500 ரூபாவுக்கு செக் தந்தாங்க. அதுல Esil. செக் குறுக்குக்கோடு போட்டது, கணக்குல மட்டும்தான் போடலாம். பேர் ஒத்து வரலனு பேங்க்ல எடுக்கல. செக் எழுதினவர் லீவுல இருந்தார். மூணு கிழமை. துணிக் கடைக்காரன் கடன் கேட்டு வாசலுக்கே வந்துட்டான்.

அதோட எங்க தலைவி வேற. சங்கம் ஆரம்பிச்சதே அவங்கதான், இல்லேனு சொல்லல. ஆனா தோட்டத்துல யாரைக் கேட்டாலும் அவங்க பேரைச் சொல்லி "இன்னாரோட தையல்"னுதான் சொல்வாங்க. கூட்டத்துக்கு அவங்க வரலேன்னா யாரும் வரமாட்டாங்க. நீங்க அந்தக் குழியில விழாதீங்க அக்கா.

பண்டாரவளை வாத்தியார்
மன்னிக்கவும், ஃபினான்ஸ் விடயம் எனக்குத் தெரியாது. ஆனால் இப்போது எல்லாரும் போனில்தானே காசு அனுப்புகிறார்கள்? அதற்கு எழுத்துப் பிழை எதற்கு ஆகப்போகிறது?

கவுண்டர் மூனு
உண்மைதான் சார், போன்ல அனுப்பினா கணக்கு நம்பர்தான் பேசும். செக், மானியக் கடிதம், கடன் ஒப்பந்தம் இதுலதான் பேர் பேசும். சங்கத்துக்குப் பெரிய காசு வர்றது அந்த வழியிலதானே.

லயத்துக்காரி
அப்ப கொழுந்து போச்சு. மாரியம்மனும் வேணாம்னு நாங்களே எடுத்துட்டோம், எங்கள்ல 5 பேர் வேதக்காரங்க. அவங்க ஒண்ணும் சொல்லல, ஆனா அன்னைக்கு பேசாம இருந்தாங்க. அது எனக்கு ஒத்துக்கல. விடியல் யாருக்கும் மனசுல ஒட்டல, ரேடியோல வர்ற மாதிரி இருக்குனு ஒரு பாட்டி சொல்லிடுச்சு.

நிறைய பேருக்குப் பிடிச்சது ஏழாம் மலை. எங்களுக்கு மலைனா பேர் இல்ல, நம்பர்தான். கங்காணி பெரட்டுல "ஏழாம் நம்பர்"னு கூப்பிட்டா அங்க எல்லா லயத்து ஆளும் ஒண்ணா நிரை பிடிப்போம். சங்கம் பேச்சு மொதல்ல வந்ததே அந்த மலையில தேத்தண்ணி குடிக்கிறப்பதான். இதுலயும் ழ இருக்கு, எனக்குத் தெரியுது. இருந்தாலும் கேக்குறேன்.

கவுண்டர் மூனு
அக்கா, ழ மட்டும் இல்ல. அதை இங்கிலீஷ்ல எழுதிப் பாருங்க. Elam Malai.

நான் வேற ஒண்ணும் சொல்லல.

கொழும்புல இருந்து
என்னங்க இது? ஏழுன்னா ஏழு. Elam னு இருந்தா யார் என்ன செய்வாங்க? இப்படி நாமளே பயந்து பயந்துதான் நம்ம பேரெல்லாம் போச்சு. எங்க தோட்டத்துக்கு தமிழ்ல ஒரு பேர் இருந்திச்சு, தாத்தா காலத்துல எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. இப்ப போர்டுல இருக்கிற பேர்தான் எல்லாருக்கும் தெரியும். ஏழாம் மலைனே வைங்க அக்கா.

கவுண்டர் மூனு
தம்பி, நான் அந்தப் பேரைத் தள்ளமாட்டேன். தள்ளவும் சட்டம் இல்ல. ஆனா கடன் ஃபைல் மேல போகும். அங்க தமிழ் தெரியாத ஒருத்தர் அதை ஒரு செக்கன் கூடுதலாப் பாப்பார். ஒரு கேள்வி எழுதி அனுப்புவார். ஃபைல் பத்து நாள் நிக்கும். அந்தப் பத்து நாள் யாரோடது?

கொழும்புல இருந்து
Ezhaam னு அடிச்சா?

கவுண்டர் மூனு
நான் அடிப்பேன். அடுத்தவர்?

பழைய கூட்டுறவு
இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இதை நான் தீர்க்க மாட்டேன், அந்த 22 பேரும்தான் தீர்க்க வேண்டும். மொழி பெயர்த்துவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் "செவன்த் ஹில்", சிங்களத்தில் வேறு என்று வைத்தால் ஒரு சங்கத்துக்கு மூன்று பேர் ஆகிவிடும். தலையை மூன்று மொழியிலும் ஒலியாகவே எழுதுங்கள். வாலை மட்டும் மொழிபெயர்க்கலாம், அதற்குத் திணைக்களத்தில் ஏற்கெனவே சொல் இருக்கிறது.

பேர் முடிவானதும் அதே கூட்டத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுத்துக்கூட்டிக் கூட்டக்குறிப்பில் எழுதி, எல்லாரும் கையெழுத்திடுங்கள். கையெழுத்து வராதவர் கைநாட்டு வைக்கட்டும். பிறகு சீல் கடைக்கும் வங்கிக்கும் அலுவலகத்துக்கும் அந்தப் பக்கத்தின் பிரதிதான் போக வேண்டும். வாயால் சொல்லக் கூடாது. உபவிதியில் பேர் ஏறிவிட்டால் பிறகு ஓர் எழுத்து மாற்றவும் பொதுக்கூட்டம், திருத்தம், திருத்தத்துக்குப் பதிவு, அதற்குப் பிறகு வங்கி என்று அலைய வேண்டும்.

ஊர்ப் பேர் வைப்பவர்களுக்கும் ஒரு சொல். அம்பகமுவயிலிருந்து நோர்வூட் தனிப் பிரதேச செயலகமாகப் பிரிந்தபோது பிரிவின் பேரைத் தலையில் சுமந்த சங்கங்கள் என்ன செய்வதென்று முழித்தன. தோட்டப் பேர் வைத்தால், அதே பேரில் தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் ஏற்கெனவே இருக்கக்கூடும். அவர்களுக்கு வரும் கடிதம் உங்களுக்கும், உங்களுடையது அவர்களுக்கும் போகும்.

கடை முதலாளி
மடுவம் நல்லாத்தானே இருக்கு? கொழுந்து மடுவம். சிங்களத்துலயும் மடுவ தான்.

அப்புத்தளை தையல்
மாட்டு மடுவம்னு கூப்பிடுவாங்க அண்ணே. எங்க ஊர்ப் பொடியனுங்களை உங்களுக்குத் தெரியாது.

லயத்துக்காரி
எங்க வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார் 😄

ஒரு விஷயம் செஞ்சு பார்த்தேன். எங்க சங்கத்துல மூத்தவங்க, 60 தாண்டின பெரியம்மா, எழுதப் படிக்கத் தெரியாது. என் போனைக் கொடுத்து, கண்டியில இருக்கிற அவங்க மகளுக்குப் பேசச் சொன்னேன். "எந்த சங்கத்துல இருக்கேனு சொல்லுங்க"னேன். திட்டத்துப் பேரை அவங்களால முழுசாச் சொல்லவே முடியல. கடைசியில "பீலிக்கிட்ட கூடுறோமே, அது"ன்னாங்க.

பீலிக்கரையிலதான் நாங்க தண்ணிக்கு நிக்கிறப்ப கிழமைக் காசு வசூலிக்கிறது. ஏன் பீலினே வைக்கக்கூடாது?

கவுண்டர் மூனு
Peeli. இதை நான் ஒரு மாதிரிதான் அடிப்பேன். சிங்களத்துலயும் தண்ணிப் பீலிக்கு பீல்லனுதான் சொல்வாங்க, ஆஃபிஸ்ல கேக்குறவருக்கு உடனே வெளங்கும். அவசரத்துல யாராவது Pili னு எழுதலாம், அதுக்குத்தான் ஐயா சொன்ன கூட்டக்குறிப்பு.

பண்டாரவளை வாத்தியார்
குறளில் பீலி என்றால் மயிலிறகு. அளவுக்கு மேல் ஏற்றினால் மயிலிறகு கூட வண்டி அச்சை முறிக்கும் என்று வரும். கடன் கொடுக்கிற சங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்காது. என் ஆங்கிலப் பேரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கொழும்புல இருந்து
இந்தியாவுல இருக்கிறவங்களுக்கு பீலினா தண்ணிக் குழாய்னு வெளங்காது.

அப்புத்தளை தையல்
தம்பி, அவங்களா நமக்கு லோன் தரப்போறாங்க?

லயத்துக்காரி (ரெண்டு கிழமைக்குப் பிறகு)
ஓட்டெடுப்பு முடிஞ்சிச்சு. கை தூக்கச் சொன்னா தலைவி மூஞ்சியைப் பார்த்துத் தூக்குவாங்கனு பயந்து, மூணு டின்பால் டின் வச்சோம். ஆளுக்கொரு தேயிலைக் கொட்டை. டின்ல பேர் எழுதினா எல்லாருக்கும் படிக்க வராதுனு படம் ஒட்டினோம். பீலிக்கு 12, ஏழாம் மலைக்கு 8, மடுவத்துக்கு 2. அந்த ரெண்டு யார்னு இன்னும் யாரும் ஒத்துக்கல.

எட்டுப் பேருக்கு மூஞ்சி சரியில்ல. கொழும்புத் தம்பி சொன்னதை ஒருத்தி போன்ல படிச்சுக் காட்டி சண்டை போட்டா. அவ சொன்னதும் பிழை இல்லேனுதான் எனக்குத் தோணுது. கடைசியில சீல் நடுவுல 7னு நம்பர் போடுறதுனு பேசி முடிச்சோம். சுத்தி மூணு மொழியிலயும் பேர், நடுவுல 7. கூட்டக்குறிப்புல Peeli னு பெரிய எழுத்துல எழுதி, 22 பேர் கையெழுத்து, அதுல 4 கைநாட்டு. பக்கத்தை நாலு ஃபோட்டோ கொப்பி எடுத்தாச்சு.

வால் இன்னும் முடியல. "கடன்" இல்லாம பதிய முடியுமானு கேக்க செவ்வாய்க்கிழமை உதவி ஆணையாளர் ஆஃபிஸுக்குப் போறோம். அரைநாள் சம்பளம் போகும், பரவாயில்ல.

பழைய கூட்டுறவு
சீலில் 7 இருக்கலாம், பேரின் பகுதியாக இருக்கக் கூடாது. எழுத்துகளுக்கு நடுவே வராமல் தனியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அடிக்கக் கொடுங்கள். செவ்வாய்க்கிழமை பழைய கணக்குக் கொப்பி, சீட்டுக் கொப்பி எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். 3 வருடக் கணக்கைக் காட்டினால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

கடை முதலாளி
சீல் எங்க அடிக்கிறீங்க? எனக்கும் ஒண்ணு வேணும், கடைச் சீல்ல எழுத்து தேஞ்சிடுச்சு.